பக்கவாதத்துக்குப் பின் ஒரு முதியவர்: அளந்து பார்க்கக்கூடிய பராமரிப்பு இலக்கை எழுதுவது எப்படி

சிங்கப்பூரின் சமூக மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் தாதியர், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து பதிவு பெற்றவர்கள், எழுதும் முதல் பராமரிப்புத் திட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். நோயாளியைப் பற்றிய மதிப்பீட்டில் அவர்கள் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. இலக்கு என்ற கட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள். "நோயாளியின் சிறுநீர்க் கட்டுப்பாடு மேம்படும்" என்று எழுதுகிறார்கள். இதைப் படிக்கும் இரவுப் பணித் தாதி என்ன செய்வார்? நேற்று எப்படி இருந்தது, இன்று மேம்பட்டதா, எவ்வளவு மேம்பட்டால் போதும் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பிரச்சினையை, பக்கவாதத்துக்குப் பின் வரும் சிறுநீர்க் கட்டுப்பாடின்மையை, எடுத்துக்கொண்டு அதற்கான இலக்கை முதல் நாளிலிருந்து கடைசி மதிப்பீடு வரை எழுதிக் காட்டுகிறேன். நடை, கைப்பயிற்சி போன்றவற்றில் பிசியோதெரபிஸ்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் தங்கள் இலக்குகளை எழுதிவிடுவார்கள். அவற்றையே நாமும் நகலெடுத்து எழுதுவது புதியவர்களிடம் நான் காணும் இன்னொரு பழக்கம். சிறுநீர்ப் பிரச்சினை அப்படியல்ல. இருபத்து நான்கு மணி நேரமும் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் நாம்தான் என்பதால், இது முழுக்க முழுக்கத் தாதியின் பொறுப்பில் உள்ள இலக்கு.

எடுத்துக்காட்டாக வரும் முதியவர் நான் பார்த்த பல நோயாளிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டவர். வயது 74. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோ பாயோவில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பான ஒரு வீவக வீட்டில் மனைவியுடனும் மியன்மார் பணிப்பெண்ணுடனும் வசிக்கிறார். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைபட்டதால் இடது கையும் காலும் வலுவிழந்துள்ளன. இடப்பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விடும் புறக்கணிப்பும் இருக்கிறது. பேச்சு தெளிவாக இருக்கிறது. விழுங்குவதில் சிரமம் இருப்பதால் ஸ்பீச் தெரபிஸ்ட் திரவங்களைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பக்கவாதம் வந்த 13ஆம் நாள் நம் வார்டுக்கு மாற்றப்படுகிறார். பொது மருத்துவமனையிலிருந்து டயபருடன் வந்தார். யாரும் அதைக் கழற்றிப் பார்க்க முயன்றதாகக் குறிப்பில் எதுவும் இல்லை.

எழுதுவதற்கு முன் எண்ணுங்கள்

இலக்கு எழுத உட்காருவதற்கு முன் மூன்று நாள் பொறுக்க வேண்டும். இந்த அறிவுரையைக் கேட்டவுடன் புதியவர்கள் பதறுவார்கள், ஏனென்றால் பராமரிப்புத் திட்டத்தைச் சேர்க்கை நாளிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது வார்டு விதி. சேர்க்கை நாளில் பிரச்சினையையும் உடனடியாகச் செய்ய வேண்டியவற்றையும் எழுதிவிடலாம். இலக்கின் எண்ணை மட்டும் "மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேட்டுக்குப் பின் நிர்ணயிக்கப்படும்" என்று திறந்து வைக்கலாம். தொடக்க நிலை தெரியாமல் எழுதப்படும் எண், ஊகத்துக்கு எண் வேடம் போட்டதுதான்.

குறிப்பேட்டில் நான்கு விஷயங்கள் போதும்: நேரம், டயபர் ஈரமா காய்ந்திருக்கிறதா, கமோடிலோ யூரினலிலோ கழித்தாரா, அந்த நேரத்துக்குள் எவ்வளவு குடித்தார். காலை 7 மணிக்குப் புதிய டயபர் மாற்றி, அதன் பின் இரவு 9 மணி வரை மணிக்கொரு முறை பார்த்துப் பதிவு செய்தோம். மணிக்கொரு முறை என்பது அலுப்பானது, ஆனால் மூன்றே நாள்தான். ஏன் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால், டயபர் எத்தனை முறை நனைகிறது என்ற எண்ணிக்கை நாம் எத்தனை முறை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பணி மாற்றத்தின்போது மட்டும் பார்க்கும் வார்டில் ஒரு நோயாளி "நாளுக்கு மூன்று முறை" நனைப்பவராகத் தெரிவார். அதே நோயாளி அடிக்கடி பார்க்கும் வார்டில் ஆறு முறை நனைப்பவராகத் தெரிவார். அவருடைய சிறுநீர்ப்பை இரண்டு வார்டிலும் ஒன்றுதான்.

எங்கள் முதியவருக்கு 7 முதல் 9 வரையிலான பகல் நேரத்தை இரண்டு மணி நேரப் பகுதிகளாகப் பிரித்தால் ஏழு பகுதிகள் கிடைக்கும். முதல் நாள் அவற்றில் ஆறில் ஈரம், இரண்டாம் நாள் ஐந்தில், மூன்றாம் நாள் ஆறில். மூன்று நாளும் சேர்த்து 21இல் 17. சராசரியாக இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1,400 மில்லி குடிக்கிறார். இந்த எண்கள்தான் இலக்கின் அடித்தளம்.

எண்ணும்போதே காரணத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காரணம் மாறினால் இலக்கே மாறிவிடும். சிறுநீர் கழித்தவுடன் பிளேடர் ஸ்கேன் எடுத்ததில் பையில் 55 மில்லிதான் மிச்சம் இருந்தது. 100 மில்லிக்குக் குறைவாக இருந்தால் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. 200 மில்லிக்கு மேல் திரும்பத் திரும்பத் தேங்கி நின்றால், இது பை நிரம்பி வழியும் வேறு பிரச்சினை. அப்போது நேரப்படி அழைத்துச் செல்வது என்ற திட்டமே பொருந்தாது. மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல், எரிச்சல், திடீரென மனக்குழப்பம் இருந்தால் தொற்றைச் சோதிக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டே இருக்கும்போது எந்த இலக்கும் எட்டாது. இவருக்கு இவை எதுவும் இல்லை. மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் பை அவசரமாகச் சுருங்குகிறது. அந்த அவசரத்தில் கட்டிலிலிருந்து கமோடுக்குத் தானாகப் போக அவரால் முடியவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் பிரச்சினை.

அவர் என்ன விரும்புகிறார்

எண்ணிக்கை கையில் இருந்தாலும் எதை நோக்கி எண்ணுவது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். "வீட்டுக்குப் போன பிறகு முதலில் என்ன செய்ய ஆசை?" என்று கேட்டேன். பழைய தலைமுறையினர் தாதியை அழைக்கும் விதத்திலேயே அவர் சொன்னார்: "மிஸ்ஸி, வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயில்ல போய் உட்காரணும். ஆனா கோயிலுக்குள்ள இந்தத் துணியோட உட்கார மாட்டேன்." டயபரைத்தான் துணி என்றார்.

இந்த ஒரு பதிலில் நீண்டகால இலக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. தோ பாயோவிலிருந்து சிராங்கூன் சாலைக்குச் சக்கர நாற்காலியுடன் டாக்சியில் போக, பூசை முடியும் வரை உட்கார, திரும்பி வர என்று மனைவியுடன் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டரை மணி நேரம் வந்தது. ஆகவே "வீடு திரும்பும்போது, கழிப்பறைக்குச் சென்று வந்த பின் இரண்டரை மணி நேரம் நனையாமல் இருப்பார்" என்பது நீண்டகால இலக்கானது. ஆறு வாரம் என்று காலம் வைத்தோம். வெறுமனே இரண்டரை மணி நேரம் என்று யாராவது எழுதியிருந்தால் அதை எந்த வார்டு சந்திப்பிலும் எதிர்க்கலாம். கோயில் பயணம் என்று காரணம் தெரிந்த பின் யாரும் அதைக் குறைக்கச் சொல்லவில்லை.

வாக்கியத்தைக் கட்டுவது

இப்போது குறுகியகால இலக்குக்கு வருவோம். பதிவேட்டில் நாம் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம் என்றாலும், வாக்கியத்தை முதலில் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும்படி நான் எப்போதும் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து செய்பவரைக் காட்டிக் கொடுத்துவிடும். "சிறுநீர் கழிப்பார்" என்று முடிந்தால் அது நோயாளி செய்வது; எனவே இலக்கு. "அழைத்துச் செல்லப்படுவார்", "கற்றுத்தரப்படும்", "கண்காணிக்கப்படும்" என்று முடிந்தால் அது நாம் செய்வது. அதற்கு இடம் செயல்பாடுகள் என்ற கட்டம். புதியவர்களின் இலக்குகளில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

எங்கள் முதல் இலக்கு இப்படி வந்தது: "14 நாள்களுக்குள், காலை 7 முதல் இரவு 9 வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டப்படும்போது, ஒருவர் துணையுடன் கட்டிலின் வலப்பக்கமுள்ள கமோட் நாற்காலியில் சிறுநீர் கழிப்பார், ஏழு பகுதிகளில் டயபர் நனைபவை இரண்டுக்கு மேல் போகாத நிலை தொடர்ந்து மூன்று நாள் இருக்கும்."

நீளமான வாக்கியம்தான். ஆனால் இதில் எதையும் நீக்க முடியாது. எந்த நேரம் என்று சொல்லாவிட்டால் இரவையும் சேர்த்து எண்ணுவார்கள். நினைவூட்டல் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால், அவரே அழைப்பு மணியை அழுத்தாததை ஒருவர் தோல்வி என்று பதிவார். "தொடர்ந்து மூன்று நாள்" என்பது இல்லாவிட்டால், ஒரு நல்ல நாளை வைத்து இலக்கு நிறைவேறியது என்று மூடிவிடுவார்கள்.

சில சொற்களை இன்னும் இறுக்க வேண்டும். "ஒருவர் துணை" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். எழுந்து மாறுவதற்கான முயற்சியில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் நோயாளி செய்தால் குறைந்த உதவி, பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை செய்தால் மிதமான உதவி என்பது மறுவாழ்வு வார்டுகளில் வழங்கும் அளவு. இவர் சேர்ந்தபோது மிதமான உதவி தேவைப்பட்டது. அதையே இலக்கில் அடைப்புக்குள் குறித்தோம், ஏனென்றால் சிறுநீர் இலக்கை எட்டுவதற்கு நடமாட்ட முன்னேற்றத்தையும் நிபந்தனையாக்கினால், எது நடந்தது எது நடக்கவில்லை என்று பிரிக்க முடியாமல் போகும்.

கமோட் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதும் வெறும் அலங்காரமல்ல. இடப்பக்கம் வலுவிழந்தவர் வலுவுள்ள வலப்பக்கம் நோக்கி மாறுவது எளிது. அத்துடன் இடப்பக்கத்தில் வைத்த பொருளை இவர் பார்க்கவே மாட்டார். அழைப்பு மணி, கால அட்டவணை அட்டை, தண்ணீர்க் குவளை எல்லாமே வலப்பக்கம் வைக்கப்பட்டன. தூக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு எளிதில் விலகி வலி பிடித்துக்கொள்ளும். இதுவும் செயல்பாடுகள் கட்டத்தில் இருக்க வேண்டியது, இலக்கில் அல்ல.

எண்ணை எங்கே வைப்பது

ஏழில் ஆறு நனைபவருக்கு ஏன் "இரண்டுக்கு மேல் இல்லை"? ஏன் பூச்சியமாக வைக்கவில்லை? முழுமையான காய்தலை இலக்காக வைத்தால், பதினான்காம் நாள் ஒருமுறை நனைந்தாலும் அது தோல்வி. நோயாளியின் முகத்துக்கு எதிரே அப்படி ஒரு பதிவு எழுத யாருக்கும் மனம் வராது. வராததால் பதிவே பொய்யாகும். மறுபக்கம், "ஐந்துக்கு மேல் இல்லை" என்று வைத்தால் அது குறிப்பேட்டின் இரண்டாம் நாளே நடந்துவிட்டது. தொடக்க நிலைக்கும் நோயாளியின் விருப்பத்துக்கும் நடுவே, இரண்டு வாரத்தில் எட்டக்கூடிய, எட்டாவிட்டால் ஏன் என்று கேட்க வைக்கும் எண்ணைத் தேட வேண்டும். முதல் வாரத்துக்கு "நான்குக்கு மேல் இல்லை" என்று ஒரு படி வைத்தோம்.

பதிவேட்டில் இருக்கும், அன்றாடச் செயல்களில் நோயாளியின் திறனை அளக்கும் பார்த்தெல் குறியீட்டை இலக்காக வைக்கலாமே என்று ஒரு புதிய தாதி கேட்டார். மாற்றியமைக்கப்பட்ட பார்த்தெல் குறியீட்டில் சிறுநீருக்கு 0, 2, 5, 8, 10 என்ற ஐந்து படிகள்தான் உண்டு. இரண்டு வாரத்தில் ஆறு ஈரம் மூன்றாகக் குறைந்த ஒருவர் அந்தப் படிகளில் நகராமலே இருக்கலாம். சேர்க்கையிலும் வீடு திரும்பும்போதும் ஒப்பிட அது நல்ல கருவி. வாரத்துக்கு வாரம் பார்க்க, நாமே எண்ணும் எண்ணிக்கைதான் தேவை.

சதவீதத்தையும் நான் தவிர்ப்பேன். "80 சதவீத நேரம் காய்ந்திருப்பார்" என்றால் எதில் 80 சதவீதம்? ஏழில் ஐந்து என்று எழுதினால் யாரும் குழம்ப வழியில்லை.

இரவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். முதியவர்களுக்கு இரவில் சிறுநீர் அதிகம் சுரப்பது உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பினால் அவர் தூங்க மாட்டார், மறுநாள் சிகிச்சைக்குப் போகும் தெம்பும் இருக்காது. இரவுக்குத் தோல் பராமரிப்பையும் டயபர் மாற்றத்தையும் செயல்பாடாக எழுதிவிட்டு, பகலில் இலக்கு நிலைத்த பின் இரவைத் தனி இலக்காக எடுப்பதுதான் சரி.

எண்ணை ஏமாற்றும் வழிகள்

இலக்கு எழுதிய பின் ஆறாம் நாள் பதிவைப் பார்த்தபோது ஈரம் இரண்டே இரண்டு என்றிருந்தது. வார்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம் வந்தது. முந்தைய நாள் வரை நான்கு, ஐந்து என்று இருந்தது திடீரென இரண்டானது. குடித்த அளவைப் பார்த்தேன். 850 மில்லி. கெட்டியாக்கிய தண்ணீர் அவருக்கு ஏற்கெனவே பிடிக்காது. நனையக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், குடிக்காமல் இருந்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். இலக்கு எண் எட்டியது. நோயாளிக்கோ நீர்ச்சத்துக் குறைவும் மலச்சிக்கலும் தொற்றும் வரும் வழி திறந்தது.

இது நோயாளியின் தவறல்ல, இலக்கின் தவறு. ஒரு எண்ணை மட்டும் காவலின்றி விட்டால் எல்லோரும் அதைச் சுலபமான வழியில் எட்டுவார்கள். அன்றே இலக்கில் ஒரு காவல் நிபந்தனை சேர்த்தேன்: "நாளொன்றுக்குக் குறைந்தது 1,400 மில்லி குடித்த நாள்கள் மட்டுமே கணக்கில் சேரும்." 1,400 என்ற எண் அவருடைய சொந்தத் தொடக்க அளவு. இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு மருத்துவர் நீர் அளவை வரையறுத்திருப்பார். அவருக்கு இந்த எண்ணை நீங்களாக வைக்கக் கூடாது. "கீழே விழ மாட்டார்" என்ற இலக்கும் இதே வகைதான். கட்டிலைவிட்டு இறங்க விடாமல் வைத்திருந்தாலே அது நிறைவேறிவிடும். அதற்குப் பதில் "எழும் முன் வலக்கையால் அழைப்பு மணியை அழுத்துவார், பகலில் எழுந்த ஐந்து முறைகளில் நான்கிலாவது" என்று எழுதுங்கள். தன் பலவீனத்தை உணராத இவர் போன்றவர்களுக்கு அது உண்மையிலேயே அளக்கத் தக்கது.

மதிப்பீட்டு நாள்கள்

ஏழாம் நாள் முடிவில், காவல் நிபந்தனை நிறைவேறிய மூன்று நாள்களில் ஈரம் 4, 4, 3. முதல் படி நிறைவேறியது என்று எழுதினோம்.

பதினான்காம் நாள் கணக்கு 3, 2, 3. இலக்கு "இரண்டுக்கு மேல் இல்லை" என்பதால், நிறைவேறவில்லை. இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். எண்ணை மூன்றாகத் தளர்த்தி நிறைவேறியது என்று மூடுவார்கள். இல்லையென்றால் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் முன் ஈரம் எந்த நேரத்தில் என்று பாருங்கள். மூன்று நாளில் எட்டு ஈரம். அவற்றில் ஆறு மாலை 3 மணிக்கும் 5 மணிக்கும். அதே நேரங்களில் கமோடுக்கு அழைத்துச் சென்ற பதிவு இருக்கிறதா? 1 மணிக் கட்டம் காலி. 3 மணிக் கட்டத்தில் "டயபர் மாற்றப்பட்டது" என்று மட்டும்.

காரணம் எளிது. 1 மணிக்கு அவர் இன்னும் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 1.30க்கு ஜிம் சிகிச்சைக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். 2.30க்குத் திரும்பும்போது பணி மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கட்டிலில் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். 3 மணிக்கு ஈரம். மாற்றுகிறார்கள், ஆனால் கமோடில் உட்கார வைப்பதில்லை, எனவே பை முழுதாகக் காலியாவதில்லை. 5 மணிக்கு மீண்டும் ஈரம். நோயாளி தோற்கவில்லை. எங்கள் கால அட்டவணைதான் அவருடைய பகலோடு பொருந்தவில்லை.

ஆகவே இலக்கை மாற்றாமல் செயல்பாட்டை மாற்றினோம். 1 மணிக்குப் பதில் ஜிம்முக்குக் கிளம்பும் முன் 1.20க்கு. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டியவர் அவர். கமோடில் உட்காருவதும் நிமிர்ந்து உட்காருவதுதான் என்பதால் விழுங்கும் சிரமத்துக்கும் இது ஒத்துவந்தது. 3 மணிக்குப் பதில், ஜிம்மிலிருந்து வந்த உடனே, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போகும் முன். ஒரு முறை தூக்குவதும் மிச்சம். கால எல்லையை ஐந்து நாள் நீட்டி, பகுதியளவு நிறைவேறியது என்றும், நீட்டிப்புக்கான காரணத்தையும் எழுதினோம். 17, 18, 19ஆம் நாள்களில் ஈரம் 1, 2, 1. குடித்த அளவு மூன்று நாளும் 1,400க்கு மேல். அப்போதுதான் நிறைவேறியது என்று தேதியிட்டு மூடினோம்.

ஒரு எச்சரிக்கை. கட்டிலில் படுத்திருந்தவரை முதல்முறை நிற்க வைக்கும்போது இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால், அன்றைய கமோட் முயற்சியை நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவியுங்கள். இலக்குக்காக யாரையும் மயங்கி விழ வைக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் இலக்கு

வார்டில் நிறைவேறிய இலக்கு வீட்டில் உடைவதுதான் வழக்கம், ஏனென்றால் அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது தாதி அல்ல, பணிப்பெண். இங்கே செய்பவர் மாறுகிறார், எனவே வினைமுற்றும் மாற வேண்டும். பணிப்பெண்ணுக்குத் தனி இலக்கு எழுதினோம்: "வீடு திரும்புவதற்கு மூன்று நாள் முன்னதாக, பணிப்பெண் கட்டிலிலிருந்து கமோடுக்கு மாற்றுவதை, பிரேக் போடுவது, கால்மிதியை விலக்குவது, இடது கையை இழுக்காமல் தாங்குவது உட்பட, தாதி எதுவும் சொல்லாமலே தொடர்ந்து மூன்று முறை சரியாகச் செய்து காட்டுவார்." புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்து காட்டுவதை மட்டுமே எண்ண வேண்டும். முதல் முறை அவர் பிரேக்கை மறந்தார், எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது.

வீட்டின் கழிப்பறை வாசலில் ஒரு படி உயரம் இருந்தது. பழைய வீவக வீடுகளில் இது சகஜம். வீட்டில் முதியவர்களுக்கான வசதிகளைப் பொருத்த உதவும் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிகளுக்கும் சாய்தளத்துக்கும் விண்ணப்பிக்கும்படி குடும்பத்தாரிடம் சொன்னோம். அவை பொருத்தப்படும் வரை வீட்டிலும் கட்டிலருகே கமோட் நாற்காலியே என்று இலக்கில் எழுதினோம். அப்படி எழுதாமல் விட்டால், வார்டில் கமோடில் சாதித்தவரை முதல் நாளே கழிப்பறைக்கு நடத்திப் போய்ப் படியில் தடுக்க வைப்பார்கள்.

கடைசியாக, இலக்கு வாக்கியத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, அவருடைய வலப்பக்கச் சுவரில் ஒட்டினோம். பணிப்பெண்ணுக்கு அவருடைய மொழியில் நேரங்கள் மட்டும் கொண்ட இன்னொரு அட்டை. 1.20 என்ற நேரத்தை அவர் கைப்பேசி அலாரத்தில் மாற்றாமலே வைத்துக்கொண்டார், வீட்டில் ஜிம் இல்லாவிட்டாலும். மதிய உணவு முடியும் நேரம் அங்கேயும் அதுதான். இரண்டரை மணி நேர இலக்கு வெளிநோயாளி மதிப்பீட்டுக்காகத் திறந்தே இருக்கிறது. அதற்குக் கீழே அளக்கும் முறை இப்படி எழுதப்பட்டுள்ளது: வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் கமோட், திரும்பி வந்தவுடன் டயபர் பார்த்தல், நனைந்ததா இல்லையா என்ற ஒரே குறி, தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை.